கமோடும் வாஷ் பேசினும் வாங்குவது எப்படி: தரைக்குழாயில் தொடங்கி டேங்க் வாஷரில் முடியும் தேர்வு

புதிதாக வீடு கட்டுபவர்களும் பழைய கழிப்பறையைப் புதுப்பிப்பவர்களும் பெரும்பாலும் முதலில் கமோடின் வடிவத்தைப் பார்க்கிறார்கள், பிறகு விலையைக் கேட்கிறார்கள், கடைசியாக ஒருமுறை ஃப்ளஷ் செய்தால் எத்தனை லிட்டர் செலவாகும் என்று அதன்மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கிறார்கள். தேர்வு இந்த வரிசையில் நடந்தால் பணமும் வீணாகும், தண்ணீரும் மிச்சமாகாது. உங்கள் தரையில் அல்லது சுவரில் ஏற்கெனவே பதிந்திருக்கும் கழிவுக்குழாய்தான் முதல் முடிவை எடுக்கிறது. அதற்குப் பிறகே ஃப்ளஷ் முறை, பொருள், கம்பெனி ஆகியவற்றுக்கு இடமுண்டு. இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே செல்கிறது. கமோடுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்; ஏனென்றால் தவறாகத் தேர்ந்த வாஷ் பேசினை ஒரு பகலில் மாற்றிவிடலாம், தவறாகத் தேர்ந்த கமோடை மாற்றுவதற்குத் தரையையே உடைக்க வேண்டியிருக்கும்.

முதல் படி: கடைக்குப் போகுமுன் அளவு எடுங்கள்

கமோடிலிருந்து கழிவு வெளியேறும் வழி இரண்டு வகைப்படும். தரைக்குள் நேராக இறங்குவது எஸ் டிராப், பின்சுவர் வழியாக வெளியே போவது பி டிராப். உங்கள் வீட்டில் எது இருக்கிறது என்பது தரையில் ஓட்டை இருக்கிறதா, சுவரில் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். எஸ் டிராப் என்றால், பின்சுவரிலிருந்து ஓட்டையின் நடுப்புள்ளி வரை எவ்வளவு தூரம் என்பதை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். பி டிராப் என்றால், தரையிலிருந்து ஓட்டையின் நடுப்புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை அளக்க வேண்டும். தரையில் நிற்கும் கமோடுகளுக்கு இது பெரும்பாலும் 180 மி.மீ. அளவில் இருக்கும்.

இந்த அளவை எடுக்கும்போது சுவர் என்பது டைல்ஸ் ஒட்டி முடிந்த சுவர், தரை என்பதும் டைல்ஸ் பதித்து முடிந்த தரை. என் வீட்டில் நானே இதில் தவறினேன். பூச்சு வேலை தொடங்குவதற்கு முன்பே செங்கல் சுவரிலிருந்து அளந்து, 300 மி.மீ. சரியாக இருக்கிறது என்று அதற்குப் பொருந்தும் கமோடை வாங்கி வைத்துவிட்டேன். பூச்சும் டைல்ஸும் சேர்ந்து 30 மி.மீ. எடுத்துக்கொண்டன. மீதமிருந்த 270 மி.மீ. தூரத்தில், கமோடின் கழிவு வாயை ஓட்டைக்கு நேராக வைத்தால் பின்னாலிருந்த டேங்க் சுவரில் முட்டியது. டேங்க் பொருந்துமாறு நகர்த்தினால் வாய் ஓட்டையை விட்டு விலகியது. கோணல் இணைப்பு ஒன்றைப் போட்டுச் சமாளித்துவிடலாம் என்று பிளம்பர் சொன்னார். அப்படிப்பட்ட இணைப்பு கழிவு இறங்கும் வேகத்தைக் குறைத்து அடைப்புக்கு வழிசெய்யும் என்பதால் அந்தக் கமோடைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினேன். இருக்கும் தூரம் கமோடு கேட்பதைவிடக் குறைந்தால் அது உட்காராது. அதிகமாக இருந்தால் உட்காரும், ஆனால் டேங்குக்குப் பின்னால் இடைவெளி தெரியும். ஆகவே இரண்டு அளவுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் சிறிய அளவு கேட்கும் கமோடைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

டைல்ஸ் இன்னும் ஒட்டவில்லை என்றால், கலவையின் கனத்தையும் டைல்ஸின் கனத்தையும் கொத்தனாரிடம் கேட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். கிடைத்த எண்ணைத் தாளில் எழுதி, கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பாமல் கமோடின் அளவுப்படத்தை வாங்கி ஒப்பிடுங்கள். பீங்கான் சூளையில் வேகும்போது சுருங்கும் பொருள் என்பதால், ஒரே மாதிரியில் வரும் இரண்டு கமோடுகளுக்கு இடையிலும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். அளவு மயிரிழையில் பொருந்துவதை நம்பி வாங்காதீர்கள்.

இரண்டாம் படி: தண்ணீர் தள்ளுகிறதா, உறிஞ்சுகிறதா

விலை, நிறம், வடிவம் எதுவாக இருந்தாலும் கமோடின் ஃப்ளஷ் அடிப்படையில் இரண்டே முறைகளில் வேலை செய்கிறது.

முதலாவது வாஷ் டவுன். இதில் டேங்கிலிருந்து இறங்கும் தண்ணீர் தன் எடையாலும் வேகத்தாலும் கழிவைத் தள்ளி வெளியேற்றுகிறது. கழிவு போகும் உள்வழி குட்டையாகவும் அகலமாகவும், ஒரே வளைவோடும் இருக்கும். அதனால் அடைப்பு குறைவு, குறைந்த தண்ணீரிலும் வேலை நடக்கும். அடியில் தேங்கி நிற்கும் தண்ணீரின் பரப்பு சிறியது என்பதால் கழிவு சில நேரம் பீங்கானின் காய்ந்த பகுதியில் விழுந்து தடம் பதிக்கும். பிரஷ் எடுக்க வேண்டியிருக்கும். ஃப்ளஷ் சத்தமும் சற்று அதிகம்.

இரண்டாவது சைஃபானிக். இதன் உள்வழி நீளமாகவும் குறுகலாகவும், மேலே ஏறி இறங்கும் வளைவுகளோடும் இருக்கும். டேங்க் தண்ணீர் வேகமாக வந்து அந்த வழி முழுவதையும் நிரப்பும்போது, மண்ணெண்ணெய் டின்னில் குழாய் போட்டு உறிஞ்சினால் எண்ணெய் தானாக வழிவது போல ஓர் இழுவிசை உண்டாகி, உள்ளிருப்பதை உறிஞ்சி இழுத்துக்கொண்டு போகிறது. தேங்கு நீரின் பரப்பு பெரிது, தடம் பதிவது குறைவு, சத்தமும் குறைவு. ஆனால் அந்த இழுவிசை தொடங்குவதற்குக் குறிப்பிட்ட அளவு தண்ணீர் குறிப்பிட்ட வேகத்தில் வந்தே ஆக வேண்டும். டேங்கில் தண்ணீர் குறைந்தாலோ, கமோடின் விளிம்புக்கு அடியிலுள்ள சிறு துளைகளில் உப்பு படிந்து அடைபட்டாலோ, தண்ணீர் சுற்றிவிட்டு மெதுவாக வடியும். கழிவு அங்கேயே நிற்கும்.

கடையில் இவற்றைப் பிரித்தறிவது எளிது. பக்கவாட்டில் நின்று பாருங்கள்: பின்பகுதியில் உள்வழியின் வளைவு நீண்டு, பாம்பு போல மேலேறித் திரும்பி இறங்குவது தெரிந்தால் அது சைஃபானிக். பக்கம் முழுவதையும் மூடிய வடிவமாக இருந்தால் மேலிருந்து பாருங்கள்: தேங்கு நீர் நிற்கும் குழி உள்ளங்கை அளவே இருந்து செங்குத்தாக இறங்கினால் வாஷ் டவுன், உட்புறத்தின் பெரும்பகுதியை நிறைக்கும் அகன்ற குளமாக இருந்தால் சைஃபானிக். ஓடவிட்டுக் காட்டும் மாதிரி இருந்தால் காதாலும் அறியலாம். சைஃபானிக் கமோடு ஃப்ளஷ் முடியும் நேரத்தில் களகளவென்று காற்றை உறிஞ்சி நிற்கும்.

தண்ணீர் உப்பாக இருக்கும் இடத்திலும், தண்ணீர் வரத்து நிச்சயமில்லாத வீட்டிலும், பலர் பயன்படுத்தும் கழிப்பறையிலும் வாஷ் டவுன்தான் என் பரிந்துரை. மென்மையான தண்ணீர், சீரான வரத்து, படுக்கையறையை ஒட்டிய கழிப்பறை என்றால் சைஃபானிக் தன் விலைக்கு நியாயம் செய்யும். விளிம்புத் துளைகளே இல்லாத ரிம்லெஸ் வகையில் தண்ணீர் ஓரிரு பெரிய வாய்கள் வழியாக வந்து சுற்றுவதால் உப்பு அடைக்கும் சிக்கல் வெகுவாகக் குறைகிறது, துடைப்பதும் எளிது. ஒரே எச்சரிக்கை: ஃப்ளஷ் செய்யும்போது தண்ணீர் விளிம்பைத் தாண்டித் தெறிக்கிறதா என்று பார்த்துவிட்டே வாங்குங்கள், வடிவம் சரியாக அமையாத ரிம்லெஸ் கமோடுகளில் இந்தக் குறை உண்டு.

மூன்றாம் படி: லிட்டர் கணக்கைச் சீட்டில் பார்க்காமல் வீட்டில் போடுங்கள்

அமெரிக்காவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, 1994 முதல் வீடுகளுக்கான புதிய கமோடுகள் ஒரு ஃப்ளஷுக்கு ஏறத்தாழ 6 லிட்டருக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்றானது. அப்போது பல தயாரிப்பாளர்கள் கமோடின் உள்வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் குறைத்தார்கள். கழிவு ஒரே ஃப்ளஷில் போகாமல் மக்கள் இரண்டு முறை அழுத்தினார்கள். உள்வழியை வழவழப்பாக்கி, டேங்கின் அடியிலுள்ள வால்வின் வாயை 2 அங்குலத்திலிருந்து 3 அங்குலமாகப் பெரிதாக்கி, அதே தண்ணீரைக் குறைந்த நேரத்தில் மொத்தமாக இறக்கக் கற்றுக்கொண்ட பிறகே அந்த 6 லிட்டர் உண்மையான 6 லிட்டராக மாறியது. 2003-இல் வட அமெரிக்காவில் தொடங்கிய மேப் என்னும் சோதனை இதற்காகவே வந்தது. சோயாவிழுதை 50 கிராம் துண்டுகளாக்கி, கழிப்பறைக் காகிதத்தோடு கமோடில் போட்டு, ஒரே ஃப்ளஷில் எத்தனை கிராம் வெளியேறுகிறது என்று அதில் அளக்கிறார்கள். அமெரிக்காவின் வாட்டர்சென்ஸ் என்னும் தண்ணீர்ச் சிக்கன முத்திரை பெற வேண்டுமானால் 4.8 லிட்டருக்கு மேற்படாமல் 350 கிராமை வெளியேற்ற வேண்டும். நீங்கள் வாங்கும் மாதிரிக்கு இத்தகைய கிராம் கணக்கு கிடைத்தால், லிட்டர் கணக்கைவிட அதையே முதலில் பாருங்கள்.

இப்போது ஒரு வீட்டின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்கு பேர், ஒவ்வொருவரும் நாளுக்கு ஐந்து முறை, அதில் ஒரு முறை முழு ஃப்ளஷ், நான்கு முறை அரை ஃப்ளஷ் என்று வைத்துக்கொள்வோம். பழைய 9 லிட்டர் ஒற்றைப் பொத்தான் டேங்க் என்றால் இருபது முறைக்கும் 180 லிட்டர். முழுதுக்கு 6 லிட்டரும் அரைக்கு 3 லிட்டரும் விடும் இரட்டைப் பொத்தான் டேங்க் என்றால் முழு ஃப்ளஷ் நான்குக்கு 24, அரை ஃப்ளஷ் பதினாறுக்கு 48, ஆக 72 லிட்டர். இரட்டைப் பொத்தான் முறையை 1980-இல் ஆஸ்திரேலியாவின் கரோமா நிறுவனம் கொண்டுவந்தபோது அதன் அளவுகள் 11 லிட்டரும் 5.5 லிட்டரும், அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறோம்.

அடுத்து, கூடுதல் விலை கொடுத்து முழுதுக்கு 4.5, அரைக்கு 3 லிட்டர் விடும் கமோடை வாங்குகிறோம். கணக்கு 66 லிட்டர். 72-க்கும் இதற்கும் வித்தியாசம் நாளுக்கு 6 லிட்டர் மட்டுமே. அந்தக் கமோடின் உள்வழி சரியில்லாமல், நான்கு முழு ஃப்ளஷில் இரண்டை மறுபடி அழுத்த வேண்டியிருந்தால் 9 லிட்டர் கூடி 75 ஆகிவிடும். அதாவது குறைவாக எழுதியிருந்த கமோடு அதிகமாகச் செலவழிக்கிறது. கழிவுக்குழாய் வீட்டுக்கு வெளியே நீண்ட தூரம் சாய்வு குறைந்து ஓடுகிறது என்றால், மிகக் குறைந்த தண்ணீரில் கழிவு குழாயின் நடுவழியில் தங்கிவிடும் வாய்ப்பும் உண்டு. அத்தகைய வீட்டுக்கு 6 லிட்டரே பாதுகாப்பானது. 6 லிட்டருக்காக வடிவமைத்த கமோடில் டேங்கின் மிதவையை இறக்கி 4.5 லிட்டராக்குவதும் இதே காரணத்தால் தவறு.

இந்தக் கணக்கில் இன்னும் ஒன்று சேரவில்லை. டேங்கின் அடி வால்வில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் அல்லது சிலிகான் வாஷர் சற்றே தேய்ந்து, 20 நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் கமோடுக்குள் வழிகிறது என்று கொள்ளுங்கள். கண்ணுக்கு அது நூல் போன்ற ஈரம், காதுக்கு அதுவும் கேட்காது. ஒரு நாளில் 72 லிட்டர் போய்விடும். நான்கு பேர் நாள் முழுதும் ஃப்ளஷ் செய்த அளவும், ஒரு வாஷர் சத்தமில்லாமல் வழியவிட்ட அளவும் ஒன்று. தண்ணீர்ச் சிக்கனம் வேண்டும் என்பவர் கமோடின் முகத்தைப் பார்ப்பதைவிட டேங்கின் மூடியைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

நான்காம் படி: பீங்கானைக் கையால் சோதியுங்கள்

கமோடுக்கு ஏற்றது விட்ரியஸ் சைனா என்னும் முழுமையாக இறுகிய பீங்கான். ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடப்படும் இது, தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சக் கூடாது. சரியாக வேகாத பீங்கான் வெளிப்பார்வைக்கு அதே பளபளப்போடு இருக்கும். ஆனால் தண்ணீரை உறிஞ்சி, நாளடைவில் மெருகில் முடி போன்ற விரிசல்கள் ஓடி, அவற்றில் மஞ்சள் கறை ஏறி, எத்தனை தேய்த்தாலும் போகாத நாற்றம் நிலைத்துவிடும்.

இதை அறிய ஒரு பழைய சோதனை இருக்கிறது. கமோடைக் கடைக்காரரின் அனுமதியோடு சாய்த்து, தரையில் உட்காரும் அடிவிளிம்பைப் பாருங்கள். அங்கே மெருகு பூசாத பீங்கான் வெறுமையாகத் தெரியும். அதில் ஒரு சொட்டுச் சிவப்பு மையை விட்டு, ஐந்து நிமிடம் கழித்து ஈரத் துணியால் துடையுங்கள். நன்றாக வெந்த பீங்கானில் மங்கலான தடம் மட்டும் நிற்கும். சரியாக வேகாததில் மை உள்ளே இறங்கி, விளிம்பைச் சுற்றிப் பூப்போலப் பரவியிருக்கும். ஒரு நாணயத்தால் தட்டியும் பாருங்கள். விரிசலில்லாத பீங்கான் கிணுகிணுவென்று ஒலிக்கும், உள்விரிசல் இருந்தால் ஒலி மந்தமாக அறுபடும்.

பிறகு கையுறை போட்டுக்கொண்டு, தேங்கு நீர் நிற்கும் குழிக்குள் விரலை விட்டு, வளைவுக்கு அப்பால் எட்டும்வரை தடவுங்கள். கண்ணுக்குத் தெரியும் பகுதியில் கண்ணாடி போல வழுக்கும் மெருகு, வளைவுக்குப் பின்னால் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக மாறினால், தயாரிப்பாளர் உள்வழியில் மெருகு பூசவில்லை என்று பொருள். கழிவு உரசிக்கொண்டு போகும் இடமே அதுதான். அங்கே சொரசொரப்பு இருந்தால் அடைப்பும் வரும், கூடுதல் தண்ணீரும் தேவைப்படும். கமோடில் நான் பார்க்கும் தரங்களில் இதை விட்டுக்கொடுக்கவே மாட்டேன். கடைசியாக, சமதளமான தரையில் வைத்து நான்கு மூலைகளிலும் அழுத்துங்கள். ஆட்டம் இருந்தால் சூளையில் கோணியிருக்கிறது, வேறொன்றைக் கேளுங்கள்.

வாஷ் பேசினுக்கும் விட்ரியஸ் சைனாவே கவலையில்லாத தேர்வு. மிகப் பெரிய பேசின்கள் ஃபயர்க்ளே என்னும் கனமான சூளைமண்ணில் வருகின்றன. அவை கோணாமல் நிற்கும், ஆனால் எடை அதிகம் என்பதால் தாங்கும் பலகை உறுதியாக இருக்க வேண்டும். பளிங்குக்கல் பேசின் அழகானது என்றாலும், எலுமிச்சைச் சாறோ அமிலம் கலந்த கழுவுநீரோ பட்டால் மெருகு அரித்து வெள்ளைத் தடம் விழும். கல்பொடியையும் பிசினையும் கலந்து வார்த்த பேசினில் கீறல் விழும், ஆனால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். எஃகு வேண்டுமென்றால் 304 தரம் என்று கேட்டு வாங்குங்கள்.

பேசினில் பொருளைவிட அதிகமாகத் தவறுவது இரண்டு சிறு விஷயங்களில். முதலாவது, அடியில் மாட்டும் வேஸ்ட் கப்ளிங். பேசினின் உட்சுவரில் வழிந்தோடும் துளை இருந்தால் பக்கவாட்டில் வெட்டு உள்ள கப்ளிங் வேண்டும். துளை இல்லாத பேசினுக்கு வெட்டு இல்லாதது வேண்டும். முதல் வகைப் பேசினுக்கு வெட்டில்லாததை மாட்டினால் வழிந்த தண்ணீர் போக வழியின்றி உட்சுவரில் தேங்கி நாறும். இரண்டாம் வகைக்கு வெட்டுள்ளதை மாட்டினால் வெட்டின் வழியாகத் தண்ணீர் கசிந்து அடிப்பலகையை நனைக்கும். இரண்டாவது, குழாயின் மூக்கு. தண்ணீர் பேசினின் பின்சரிவில் விழுந்தால் கை சுவரில் இடிக்கும், வடிகால் துளைக்கு நேர்மேலே உயரத்திலிருந்து விழுந்தால் சட்டையில் தெறிக்கும். மூக்கு நீட்டும் தூரத்தையும் பேசினின் ஆழத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, துளைக்குச் சற்று முன்பாகத் தண்ணீர் விழுமாறு அமைத்துக்கொள்ளுங்கள். மேடைமேல் கிண்ணம் போல வைக்கும் பேசினுக்குச் சாதாரணக் குழாய் எட்டாது. உயரமான உடல் கொண்ட குழாயோ சுவர்க்குழாயோ சேர்த்து வாங்க வேண்டும்.

ஐந்தாம் படி: பேசின் குழாயில் ஓடுவதை அளந்து பாருங்கள்

ஒரு லிட்டர் பாத்திரத்தைக் குழாயடியில் பிடித்து, முழுதாகத் திறந்து, எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 6 நொடி என்றால் நிமிடத்துக்கு 10 லிட்டர். 12 நொடி என்றால் 5 லிட்டர். கை கழுவுவதற்கு 5 லிட்டர் வேகமே போதும். அதே நால்வர் வீட்டில் ஒவ்வொருவரும் நாளுக்கு ஆறு முறை, முறைக்கு 20 நொடி குழாயைத் திறந்தால் மொத்தம் 8 நிமிடம். 10 லிட்டர் வேகத்தில் அது 80 லிட்டர், 5 லிட்டர் வேகத்தில் 40. விலையுயர்ந்த 4.5 லிட்டர் கமோடு மிச்சப்படுத்திய 6 லிட்டரோடு ஒப்பிட்டால், குழாயின் மூக்கில் திருகிவிடும், தண்ணீரில் காற்றைக் கலந்து ஓட்டத்தைக் குறைக்கும் சிறிய ஏரேட்டர் நாளுக்கு 40 லிட்டர் மிச்சப்படுத்துகிறது.

ஆனால் உங்கள் தண்ணீர் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்குகிறதா, அழுத்த மோட்டாரிலிருந்து வருகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஒரு மீட்டர் உயரத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 0.1 பார் மட்டுமே. தொட்டிக்கு மூன்று மீட்டர் கீழேயுள்ள குழாய்க்கு 0.3 பார்தான் கிடைக்கும். அதிக அழுத்தத்துக்கென வடிவமைத்த குழாயையோ ஏரேட்டரையோ இங்கே மாட்டினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும், வீட்டார் நாலு நாளில் கழற்றி எறிந்துவிடுவார்கள். எந்த அளவு அழுத்தத்துக்கு ஏற்றது என்பது பெட்டியின் மேல் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ஓடும்போது மட்டும் சூடாக்கும் கீசர் இருந்தால், ஓட்டம் மிகவும் குறைந்தால் அது பற்றிக்கொள்ளாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆறாம் படி: எந்த வரிசையில் பணத்தைப் போடுவது

இந்தப் பொருட்களை மூன்று விலை வரிசைகளாகப் பார்க்கலாம். அடிவரிசையில் பீங்கான் பெரும்பாலும் பரவாயில்லை, ஆனால் டேங்கின் உள்ளிருக்கும் வால்வுகள் மலிவானவையாகவும், இருக்கையும் மூடியும் வளையும் பாலிபுரொப்பிலினாகவும் இருக்கும். உள்வழி மெருகைச் சோதித்தே ஆக வேண்டிய வரிசையும் இதுதான். நடுவரிசையில் உள்வழி மெருகும், நம்பகமான இரட்டை ஃப்ளஷ் வால்வும், மெதுவாக மூடும் கெட்டியான யூரியா பிளாஸ்டிக் இருக்கையும் கிடைக்கத் தொடங்கும். மேல்வரிசையில் நீங்கள் கொடுக்கும் கூடுதல் தொகையின் பெரும்பங்கு வடிவத்துக்கும், கறை ஒட்டாத தனி மெருகுக்கும், சுவரில் தொங்கும் அமைப்புக்கும், டோட்டோவின் டொர்னாடோ போன்ற சுழல் ஃப்ளஷ் முறைகளுக்கும் போகிறது. அவை பயனில்லாதவை அல்ல. ஆனால் நடுவரிசையிலிருந்து மேல்வரிசைக்குப் போகும்போது தண்ணீர் மிச்சம் விலை அளவுக்குக் கூடுவதில்லை. முதல்முறை வாங்குபவர் நடுவரிசையில் எளிய வடிவமுள்ள வாஷ் டவுன் கமோடை எடுத்து, மிஞ்சும் தொகையைப் பித்தளை உடல் கொண்ட நல்ல பேசின் குழாயில் போடுவதே அறிவுடைமை என்பது என் கருத்து.

கமோடின் மேல் எந்தப் பெயர் அச்சிடப்பட்டிருந்தாலும், டேங்கின் உள்ளிருக்கும் வால்வுகளைப் பல கம்பெனிகள் ஃப்ளூயிட்மாஸ்டர், கெபெரிட், சியாம்ப், விர்கான் போன்ற சிறப்புத் தயாரிப்பாளர்களிடமிருந்து வாங்கிப் பொருத்துகின்றன. எனவே கடையில் டேங்கின் மூடியைத் தூக்கச் சொல்லி, வால்வின் மேல் என்ன பெயர் இருக்கிறது என்று படியுங்கள். அடி வால்வின் வாஷர் மட்டும் தனியாகக் கிடைக்குமா, அதைக் கடையில் இப்போதே காட்ட முடியுமா என்று கேளுங்கள். வாஷர் தனியாகக் கிடைக்காத கமோடு, சில ஆண்டுகளில் கசியத் தொடங்கும்போது முழு வால்வையும், அது பொருந்தவில்லையென்றால் டேங்கையே மாற்றச் சொல்லும்.

டேங்கைச் சுவருக்குள் மறைக்கும் அமைப்பை விரும்புவோர் இந்தக் கேள்வியை இருமடங்கு அழுத்திக் கேட்க வேண்டும். அங்கே வால்வை அடைய வழி, பொத்தான் தகட்டுக்குப் பின்னாலுள்ள சிறு வாயில் மட்டுமே. உதிரிப்பாகம் கிடைக்காமல் போனால் டைல்ஸ் சுவரை உடைக்க நேரும். கெபெரிட் தன் மறைவு டேங்குகளுக்கு நீண்டகால உதிரிப்பாக உறுதி தருவதன் பொருள் இதுவே. நீங்கள் தேர்வது வேறு பெயராக இருந்தாலும் அதேபோன்ற உறுதி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கமோடு வரிசையில் இறங்கி வாங்கினாலும், மறைவு டேங்கில் மட்டும் இறங்க வேண்டாம்.

ஏழாம் படி: பொருத்திய அன்றே சோதனை

பிளம்பர் கமோடின் அடியைச் சிமென்ட் கலவையால் கெட்டியாக அடைக்க விடாதீர்கள். சிமென்ட் இறுகும்போது பீங்கானில் விரிசல் விழச் செய்யலாம், பின்னாளில் கழற்றும்போது கமோடும் உடையும். திருகாணியும் சிலிகான் பசையும் போதும். டேங்கில் நிரம்பிய தண்ணீர், உள்ளே நிற்கும் வழிந்தோடு குழாயின் வாய்க்கு 20 மி.மீ. கீழே நிற்க வேண்டும். அதற்கு மேல் நின்றால் மிதவையை இறக்கச் சொல்லுங்கள், இல்லையேல் தண்ணீர் அந்தக் குழாய் வழியாக ஓயாமல் வழியும்.

பிறகு சமையலுக்குப் பயன்படுத்தும் சிவப்பு நிறத்தில் சில சொட்டுகளை டேங்கில் விட்டு, யாரும் ஃப்ளஷ் செய்யாமல் 15 நிமிடம் காத்திருங்கள். கமோடின் தேங்கு நீரில் சிவப்பு தென்பட்டால் அடி வால்வு கசிகிறது. இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால், கமோடின் பின்சரிவை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, ஒரு டிஷ்யூ காகிதத்தை அங்கே ஒட்டிவையுங்கள். அரை மணி நேரம் கழித்து அதில் ஈரக்கோடு ஓடியிருந்தாலும் கசிவு உண்டு. புது வால்வில் கசிவுக்குப் பெரும்பாலும் காரணம், கட்டட வேலையின்போது குழாயில் நுழைந்த மணல்துகள் வாஷரின் அடியில் உட்கார்ந்திருப்பதுதான். தண்ணீரை அடைத்து, வால்வைத் திருகிக் கழற்றி, வாஷரைக் கழுவித் திருப்பி மாட்டினால் நின்றுவிடும். டேங்குக்குள் போடும் குளோரின் வில்லைகளை வாங்க வேண்டாம். அவை ரப்பரை இறுக்கி, இந்தக் கசிவை முன்கூட்டியே கொண்டுவந்துவிடும். இதே நிறச் சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்து, சிவப்பு இறங்குவது தெரிந்த அன்றே வாஷரை மாற்றிவிடுங்கள்.